"கொள்ளைக்காரர்கள்" என்று மட்டும் எழுதிப் போட்டால் பணம் திரும்பாது

போன செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் கடையின் கருத்துப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே நான்காக மடித்த ஒரு தாள். நீல மையில், அழகான தமிழ் கையெழுத்தில் எழுதியிருந்தது: "அலமாரியில் ஒரு விலை, கவுண்டரில் ஒரு விலை. நீங்கள் கொள்ளைக்காரர்கள். பத்து மடங்கு திருப்பித் தராவிட்டால் வழக்குப் போடுவேன்."

அவ்வளவுதான். என்ன பொருள், எந்த நாள், எத்தனை காசு கூட, எழுதியவர் யார், எதுவும் இல்லை. இந்த மாதத்தில் இது நான்காவது. இனியும் பொறுமையாக இருக்க முடியாது என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் சிங்கப்பூரில் ஒரு பேரங்காடியில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறேன். முதல் ஆறு வருடம் கவுண்டர். அதன் பிறகு அலமாரி லேபிள்களைச் சரிபார்க்கும் வேலை, இப்போது சேவை முகப்பில் மேற்பார்வை. அதாவது, உங்கள் சீட்டு யார் கைக்கு வருமோ அந்தக் கைக்காரி நான்தான். லேபிளுக்கும் கவுண்டருக்கும் விலை முட்டிக்கொள்வது நிஜமாகவே நடக்கிறது. அதை மறைக்க நான் இங்கே வரவில்லை. எழுதியவர் சொல்வது உண்மையாகவே இருந்தாலும், இப்படி எழுதினால் என்னால் ஒரு காசுகூடத் திருப்பித் தர முடியாது என்பதுதான் என் ஆத்திரம்.

ஒழுங்காக எழுதிய ஒரு சீட்டு என்ன செய்தது என்று முதலில் சொல்கிறேன்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது நடந்தது. பக்கத்துப் புளோக்கில் இருக்கும் ஒரு பெரியவர், வாரா வாரம் வியாழக்கிழமை காலையில் வருகிறவர், துவரம் பருப்பு ஒரு கிலோ பாக்கெட் மூன்று எடுத்தார். லேபிளில் 3 வெள்ளி 45 காசு. வீட்டுக்குப் போய் ரசீதைப் பார்த்தால் பாக்கெட்டுக்கு 4 வெள்ளி 10 காசு. மூன்று பாக்கெட்டுக்கு 10 வெள்ளி 35 காசு ஆகியிருக்க வேண்டும், 12 வெள்ளி 30 காசு எடுத்திருக்கிறோம். வித்தியாசம் 1 வெள்ளி 95 காசு.

மதியமே திரும்பி வந்து அலமாரிப் பையனிடம் சொல்லியிருக்கிறார். அவன் கையில் இருந்த ஸ்கேனரை எடுத்துக்கொண்டு பருப்பு அலமாரிக்குப் போய், லேபிளையும் பாக்கெட்டையும் அடித்துப் பார்த்துவிட்டு, "அங்கிள், லேபிள் 4.10தான், சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டான். அவன் சொன்னது பொய்யில்லை. பெரியவர் சொன்னதும் பொய்யில்லை. இரண்டு பேரும் வேறு வேறு லேபிளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பெரியவர் சண்டை போடவில்லை. வீட்டுக்குப் போய் ரசீதின் ஒரு நகலை எடுத்து, அதன் கீழே எட்டு வரி எழுதி, மறுநாள் சேவை முகப்பில் கொடுத்துவிட்டுப் போனார். நான் பார்த்த வரியில் ஒன்று: "நெய் டின்களுக்குப் பக்கத்தில், வரிசையின் கோடியில், தீபாவளிக்காக அடுக்கி வைத்த பருப்பில் எடுத்தேன்."

அந்த ஒரு வரிதான் திறவுகோல். எங்கள் கடையில் சலுகை வாரம் வியாழன் தொடங்கி புதன் இரவு முடியும். புதன் நள்ளிரவு தாண்டியதும் தலைமை அலுவலகத்திலிருந்து புது விலைக் கோப்பு வந்து கவுண்டர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மாறிவிடும். லேபிள்கள் அப்படி மாறாது. வியாழன் விடிகாலை ஐந்து பேர் கையில் தாள் கட்டோடு, ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாகச் செருக வேண்டும். பருப்பு அலமாரியில் மாற்றிவிட்டார்கள். கோடியில் இருந்த இரண்டாவது அடுக்கில் மாற்றவில்லை. அங்கே தொங்கியது போன வாரத்து மஞ்சள் லேபிள், 3.45. அதன் கீழ் மூலையில், எறும்பு மாதிரி எழுத்தில், சலுகை முடியும் தேதி இருந்தது. ஒரு நாள் முன்னால் முடிந்துவிட்ட தேதி.

"தேதிதான் போட்டிருக்கிறோமே, அவர் படிக்காதது எங்கள் தப்பா?" என்று அன்றைக்கு எங்கள் ஆட்களில் ஒருவர் கேட்டார். என் பதில்: ஆமாம், எங்கள் தப்புதான். முடிந்த சலுகையின் லேபிளைக் கழற்ற வேண்டியது கடையின் வேலை. கண்ணாடி போட்டுக்கொண்டு தேதி தேடுவது வாடிக்கையாளர் வேலை இல்லை. இங்குள்ள பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வணிகம்) சட்டமே, முக்கியமான விஷயத்தைச் சின்ன எழுத்தில் ஒளிப்பதை நியாயமற்ற செயல் என்று பட்டியலிட்டு வைத்திருக்கிறது. நாங்கள் ஒளிக்க வேண்டும் என்று எண்ணவில்லை. ஆனாலும் லேபிளைப் பார்க்கிறவருக்கு எங்கள் எண்ணம் தெரியாது, 3.45 மட்டும்தான் தெரியும்.

பெரியவர் வந்தபோது 1 வெள்ளி 95 காசை எண்ணிக் கொடுத்தேன், லேபிளைக் கழற்றிய கதையையும் சொன்னேன். வாங்கிக்கொண்டு, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக் கேட்டார்: "தங்கச்சி, பத்து மடங்கு தரணும்னு சட்டம் இருக்காமே?"

அங்கிள், நீங்களுமா!

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். ஏனென்றால் எனக்கு வருகிற சீட்டுகளில் பாதிக்கு மேல் இந்த நம்பிக்கையில்தான் எழுதப்படுகின்றன. லேபிளில் போட்ட விலை கடை கொடுத்த சத்தியம், அதை மீறினால் பத்து மடங்கு, அல்லது பொருள் இலவசம், அல்லது கடைக்கு உடனே சம்மன். வாட்ஸ்அப்பில் இது சுற்றிக்கொண்டே இருக்கிறது. மெல்பர்னில் மகள் இருக்கும் ஓர் அம்மா, "அங்கே இலவசமா தர்றாங்க, இங்கே ஏன் தர மாட்டேங்குறீங்க?" என்று என்னையே நேரில் கேட்டார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் பெரிய பேரங்காடிகள் தாங்களே முன்வந்து ஒப்புக்கொண்ட நடைமுறைகள் உண்டு, கவுண்டரில் கூட விழுந்தால் அந்தப் பொருளை இலவசமாகவோ விலை குறைத்தோ தருவது என்று. அதிலும் கனடாவில் இத்தனை வெள்ளிக்கு மேல் கிடையாது என்ற வரம்பு உண்டு. அவை அந்தக் கடைகள் கொடுத்த வாக்கு. சிங்கப்பூரில் எல்லாப் பேரங்காடிகளையும் கட்டும் அப்படியொரு விதி இல்லை. ஒரு கடை தன் விருப்பத்தில் கூடுதலாகக் கொடுத்தால் அது அந்தக் கடையின் நல்ல மனசு.

சரி, லேபிள் விலை சத்தியம் இல்லை என்றால் அது என்ன? சட்டம் படித்தவர்கள் இதற்கு "பேரத்துக்கு அழைப்பு" என்பார்கள். கடை ஒரு விலையை எழுதி வைப்பது, வாருங்கள், கேட்டுப் பாருங்கள் என்று கூப்பிடுவதுபோல. நீங்கள் பொருளைக் கவுண்டருக்குக் கொண்டு வரும்போதுதான் "இதை வாங்குகிறேன்" என்று சொல்கிறீர்கள். கடை அதை ஏற்றுக்கொண்டு பணம் வாங்கும்போதுதான் ஒப்பந்தம். 1953-ல் லண்டனில் ஒரு மருந்துக் கடை வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இதுதான். சிங்கப்பூரின் ஒப்பந்தச் சட்டம் ஆங்கிலேயர் சட்டத்திலிருந்து வளர்ந்தது, அதனால் இங்கேயும் அடிப்படை அதுவே. கேட்பதற்குக் கடைக்குச் சாதகமாகத் தெரியும். யோசித்துப் பாருங்கள்: கூடையில் போட்டவுடனேயே வாங்கிவிட்டதாக அர்த்தம் என்றால், பாதி வழியில் மனசு மாறிப் பருப்பைத் திருப்பி வைக்கவே முடியாது. இந்த விதி உங்கள் கையையும் கட்டாமல் விட்டிருக்கிறது.

இங்கேயே நடந்த ஒரு வழக்கையும் சொல்கிறேன். 2003 ஜனவரியில் ஓர் இணையக் கடையில் 3,854 வெள்ளி மதிப்புள்ள லேசர் அச்சுப்பொறியின் விலை தவறுதலாக 66 வெள்ளி என்று ஏறிவிட்டது. விடிவதற்குள் ஆறு பேர் சேர்ந்து 1,606 அச்சுப்பொறிகளுக்கு ஆர்டர் போட்டார்கள். கடை தர மறுத்தது, வழக்குப் போனது, உயர் நீதிமன்றத்திலும் தோற்றார்கள், 2005-ல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். அது தப்பு விலை என்று அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது என்பதுதான் தீர்ப்பின் மையம். ஆகவே, 40 வெள்ளி நெய் டின்னுக்கு யாரோ 4 வெள்ளி லேபிள் மாட்டிவிட்டால், அதைக் காட்டிச் சண்டை போட்டு வெல்லலாம் என்று கணக்குப் போடாதீர்கள். பருப்பில் 65 காசு வேறு கதை. அதைப் பார்க்கும் எவருக்கும் அது தவறான விலை என்று தோன்றாது. நம்பித்தான் எடுப்பார்கள்.

இதைச் சொன்னதும் சிலர் எதிர்த் திசைக்கு ஓடிவிடுவார்கள்: அப்படியானால் கடை என்ன வேண்டுமானாலும் எழுதிவிட்டு என்ன வேண்டுமானாலும் எடுக்கலாமா? இல்லவே இல்லை. ஒப்பந்தச் சட்டம் ஒரு பக்கம், நான் மேலே சொன்ன நியாய வணிகச் சட்டம் இன்னொரு பக்கம். பொய்யான விலை சொல்லுவதும், பயனீட்டாளர் ஏமாறும்படி எதையாவது செய்வதும் சொல்லாமல் விடுவதும் அதன்படி நியாயமற்ற செயல். 2018 முதல் இந்தச் சட்டத்தைக் கவனிப்பது சிங்கப்பூரின் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம். விலையை எப்படிக் காட்ட வேண்டும் என்பதற்கு 2020 நவம்பரில் தனி வழிகாட்டி நெறிகளையும் நடப்புக்குக் கொண்டுவந்தது. ஆக, உங்களுக்குக் கிடைக்க வேண்டியது வித்தியாசப் பணமும், அந்த லேபிள் இன்னொருவரை ஏமாற்றாமல் கழற்றப்படுவதும். அதைக் கேளுங்கள், கிடைக்கும். பத்து மடங்கு கேட்டால், படிக்கிறவர் மனதில் முதலில் எழுவது சந்தேகம்தான்.

(லெமன் சட்டத்தை மேற்கோள் காட்டி எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2012-ல் வந்த அது, வாங்கிய பொருள் பழுதாக இருந்தால் பயன்படுவது. பருப்பு நன்றாக இருக்கிறது, விலைதான் கோணல். அந்தச் சட்டத்துக்கு இங்கே வேலை இல்லை.)

இன்னொன்றும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வருகிற புகார்களில் கணிசமானவற்றில் கவுண்டர் தப்பே செய்திருக்காது. ரசீதைப் படிப்பதில்தான் கோளாறு இருக்கும். "இரண்டு எடுத்தால் 5 வெள்ளி" என்ற தேங்காய்ப்பாலை எடுத்துக்கொள்ளுங்கள். தனித்தனி விலை 2 வெள்ளி 95 காசு. ரசீதில் முதலில் 2.95, அதன் கீழே இன்னொரு 2.95 என்று அச்சாகும். கழிவு 90 காசு அதற்குக் கீழேயோ, பட்டியல் முடிந்த பிறகோ, கழித்தல் குறியோடு தனியாக நிற்கும். மேலே இருக்கும் 2.95-ஐப் பார்த்த மாத்திரத்திலேயே கொதித்துவிடுகிறார்கள். கடைசி வரை ஒரு தடவை கண்ணை ஓட்டுங்கள். அதே தேங்காய்ப்பாலில் ஒன்று 200 மில்லி, ஒன்று 400 மில்லி என்று கலந்து எடுத்தால் சலுகை விழாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய எழுத்தில் இருப்பது உறுப்பினர் விலையா என்பதையும்.

ஒரே ஒரு காரணத்தை மட்டும் கடை சொன்னால் ஏற்காதீர்கள்: "அது வரி சேர்த்ததால கூடிச்சு". பொருள் சேவை வரி 9 விழுக்காட்டை உள்ளடக்கிய விலையைத்தான் அலமாரியில் காட்ட வேண்டும். கவுண்டரில் தனியாக ஏற்ற இடமில்லை.

இப்போது எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு வருகிறேன்.

சந்தேகம் வந்தால் பணம் கட்டும் முன்பே சொல்லுங்கள். கவுண்டரில் திரை உங்கள் பக்கம் திரும்பி இருப்பது அலங்காரத்துக்கு இல்லை. தானே கட்டும் இயந்திரத்தில் உங்களைத் தவிரப் பார்ப்பதற்கு வேறு யாரும் கிடையாது, ஒவ்வொரு "பீப்"புக்கும் விலையைப் பாருங்கள். கட்டும் முன்பு சொன்னால், வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போகும் உரிமை முழுசாக உங்கள் கையில் இருக்கிறது. கட்டிய பிறகு அது திருப்பிக் கேட்கும் வேலையாகிவிடும்.

கவுண்டரில் இருக்கும் ஆன்ட்டியைத் திட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பார்கோடை அடித்தால் இயந்திரம் என்ன விலை சொல்கிறதோ அதுதான் அவருக்குத் தெரியும். லேபிள் அவர் கண்ணிலேயே பட்டிருக்காது. விலையை மாற்றும் சாவியும் அவரிடம் இல்லை, மேற்பார்வையாளரிடம்தான் இருக்கும். "ஆளைக் கூப்பிடுங்க, லேபிளை ஒரு தடவை பார்த்துடலாம்" என்று சொன்னால் போதும். பின்னால் வரிசை முணுமுணுத்தாலும் பரவாயில்லை, ஓரமாக நில்லுங்கள்.

அதைவிட முக்கியம், லேபிளைப் படம் எடுங்கள். அந்த இடத்திலேயே, அந்த நிமிடமே. லேபிள் ஆதாரம் பெரும்பாலும் ஒரு நாள்கூட உயிரோடு இருக்காது. எங்கள் ஆட்கள் தப்பைக் கண்டுபிடித்தால் முதலில் செய்வது அதைக் கழற்றுவதுதான். அதில் சூது இல்லை, அதுதான் சரியான செயல். ஆனால் உங்கள் சாட்சி குப்பைக்குப் போய்விடும். படம் என்றால் விலையை மட்டும் பெரிதாக்கி எடுத்த படம் எனக்குப் பயனில்லை. "3.45" என்ற மூன்று எண்கள் கடையில் எத்தனையோ இடத்தில் இருக்கின்றன. லேபிள் முழுவதும் தெரிய வேண்டும்: பொருளின் பெயர், எடை, கீழே இருக்கும் எண், மூலையில் இருக்கும் தேதி. மேலே இருக்கும் பாக்கெட்டும் படத்துக்குள் விழ வேண்டும். முடிந்தால் பாக்கெட்டைத் திருப்பிப் பார்கோடையும் ஒரு படம். லேபிளின் எண்ணும் பார்கோடின் கடைசி ஐந்து எண்ணும் ஒத்துப்போனால் அது அந்தப் பொருளின் லேபிள்தான் என்று உறுதி. எங்கள் லேபிளில் பார்கோடு எண்ணே இருக்கும். சில கடைகளில் அவர்களுடைய சொந்தக் குறியீடு இருக்கும், அப்போது பெயரையும் எடையையும் ஒப்பிடுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால், யாரோ ஒரு பொருளை எடுத்துப் பார்த்துவிட்டு வேறு இடத்தில் வைத்திருக்கிறார்கள். இதுவும் தினசரி நடப்பு. பார்கோடு 890 என்று தொடங்கினால் அந்த எண்ணை இந்தியாவில் பதிவுசெய்த நிறுவனத்தின் பொருள், 888 என்றால் சிங்கப்பூரில் பதிவுசெய்தது. பருப்பு எங்கே விளைந்தது என்பதை அது சொல்லாது, நிறையப் பேர் அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ரசீதையும் அன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள். அது வெப்பத்தால் எழுத்து அச்சாகும் தாள், நாளாக எழுத்து மங்கிவிடும். பர்ஸில் வைத்து, காரில் வைத்து, மூன்று வாரம் கழித்து வெள்ளைத் தாளாக நீட்டுகிறார்கள். வெள்ளைத் தாளில் நான் எதைத் தேடுவது? ரசீதின் அடியில் கடை எண், கவுண்டர் எண், பரிவர்த்தனை எண், நேரம் இருக்கும். அந்தப் பரிவர்த்தனை எண் கிடைத்தால் எங்கள் கணினியில் உங்கள் கூடையையே வரிசையாகப் பார்க்கலாம்.

சரி, சீட்டு. மாதிரிக்கு ஒன்று எழுதிக் காட்டுகிறேன். பெரியவருடைய சீட்டையே கொஞ்சம் சீராக்கியது.

"வணக்கம். 12ஆம் தேதி வியாழக்கிழமை காலை 9.40 மணிக்கு உங்கள் கடையில் துவரம் பருப்பு 1 கிலோ பாக்கெட் மூன்று வாங்கினேன். வரிசையின் கோடியில், நெய் டின்களுக்குப் பக்கத்தில் இருந்த அடுக்கில் எடுத்தேன். அங்கே மஞ்சள் லேபிளில் 3.45 வெள்ளி இருந்தது. கவுண்டரில் 4.10 வெள்ளி எடுக்கப்பட்டது. மூன்றுக்கும் சேர்த்து 1.95 வெள்ளி கூடுதல். பார்கோடின் கடைசி எண்கள், லேபிளின் படம், ரசீதின் நகல் இத்துடன் உள்ளன. 1.95 வெள்ளியைத் திருப்பித் தரவும், லேபிளைச் சரிசெய்யவும் கேட்டுக்கொள்கிறேன். என்னைத் தொடர்புகொள்ள வேண்டிய எண் கீழே."

இவ்வளவுதான். ஒரு வசவுகூட இல்லை, ஆனால் தப்பிக்க முடியாத சீட்டு. எங்கே, எப்போது, எது, எவ்வளவு, என்ன வேண்டும் என்ற ஐந்துக்கும் இதில் பதில் இருக்கிறது. இடத்தை எழுதுவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஒரே பொருள் கடையில் மூன்று இடங்களில் இருக்கலாம். முதன்மை அலமாரி, வரிசைக் கோடி, கவுண்டர் பக்கத்துக் கூடை. பையன் பார்த்த லேபிளும் நீங்கள் பார்த்த லேபிளும் ஒன்றுதானா என்பதை அந்த ஒரு வரிதான் தீர்த்து வைக்கும். படம் எடுக்க மறந்துவிட்டீர்கள் என்றாலும் எழுதுங்கள், இடம் சரியாகச் சொன்னால் லேபிள் இன்னும் அங்கேயே தொங்கிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. பெரியவரிடமும் படம் இல்லை.

தமிழில் எழுதலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக. எங்கள் கடையில் நான் இருக்கிறேன். தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புவதென்றால், எண்களையும் பார்கோடையும் தெளிவாக எழுதிப் படங்களைச் சேர்த்துவிடுங்கள், பாதி வேலை முடிந்துவிடும். பேரக்குழந்தை யாராவது வீட்டில் இருந்தால் நான்கு வரி ஆங்கிலம் கேளுங்கள்.

சேவை முகப்பில் ரசீதோடு நேரில் வந்தால் பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் முடியும். நெட்ஸிலோ அட்டையிலோ கட்டியிருந்தால் அதே வழியில் திரும்பலாம், அட்டையைக் கொண்டு வாருங்கள். பருப்பைப் பாதி சமைத்துவிட்டாலும் பரவாயில்லை, வித்தியாசம் கேட்பதற்குப் பொருளைத் திருப்பித் தர வேண்டியதில்லை.

கடை வாயே திறக்கவில்லை என்றால்? சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுக்கலாம், அவர்கள் கடையோடு பேசுவார்கள். ஆணையத்திடம் சொல்வது வேறு நோக்கத்துக்கு: அது உங்கள் 1.95-ஐ வாங்கித் தராது. திரும்பத் திரும்ப இதையே செய்யும் கடையை நீதிமன்ற ஆணை வாங்கி நிறுத்த வைக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளைப் பார்க்கும். ஆனால் பதிவுக் கட்டணமே குறைந்தது 10 வெள்ளி. இரண்டு வெள்ளிக்கு அங்கே போவதாகச் சீட்டில் மிரட்டுகிறவர்கள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தரப்பிலும் ஒரு குறையை ஒப்புக்கொள்கிறேன். அந்த வியாழக்கிழமை காலையில் பெரியவர் ஒருவர் மட்டுமா அந்தக் கோடியில் பருப்பு எடுத்தார்? அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். கவுண்டர்களில் பருப்பு நிறையவே போயிருந்தது. எது கோடியிலிருந்து போனது, எது அலமாரியிலிருந்து போனது என்று எந்தக் கணினியும் சொல்லாது, பார்கோடு ஒன்றுதானே. மற்றவர்கள் ரசீதைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்துவிட்டு 65 காசுக்காக யார் போவது என்று விட்டுவிட்டார்கள். அவர்கள் பணம் எங்களிடமே தங்கிவிட்டது. மின்னணு லேபிள் வந்த கடைகளில் இந்த வகைத் தப்பு குறையும், விலை திரையிலேயே மாறிவிடும். ஆனாலும் கோடியில் நிற்கும் அட்டைப் பலகைகளும் கூரையிலிருந்து தொங்கும் விளம்பரத் தாள்களும் இன்னும் கையால் மாட்டிக் கையால் கழற்றுபவைதான். அங்கேதான் நான் வியாழக்கிழமை காலையில் இப்போது முதலில் போய்ப் பார்க்கிறேன்.

நீல மையில் எழுதியவருக்கு: உங்கள் சீட்டு என் மேசையில்தான் இருக்கிறது. நீங்கள் சொன்னது உண்மையாக இருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். ரசீது இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஞாயிறு தவிர மற்ற நாள்களில் மூன்று மணி வரை நான் முகப்பில் இருப்பேன். எந்த அலமாரி என்று மட்டும் யோசித்துக்கொண்டு வாருங்கள்.